முதலீட்டாளருக்கு மாதாமாதம் ஆறு ஸ்லைட்: ஒரு கருவாட்டுக் கம்பனியின் நவம்பர் கணக்கோடு

திருகோணமலை சாம்பல்தீவில் நாங்கள் கருவாடு காயவைத்து, பொதியிட்டு விற்கிறோம். ஏழு பேர் வேலை செய்யும் சிறிய கம்பனி. மூன்று பேர் இதில் பணம் போட்டிருக்கிறார்கள்: ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், நகரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர், கொழும்பில் வேலை செய்யும் என் பள்ளி நண்பன். முதல் வருடம் முழுக்க இவர்களுக்கு நான் தொலைபேசியில்தான் விவரம் சொன்னேன். விற்பனை நன்றாக இருந்த வாரத்தில் மச்சான் எடுப்பார். மீனவர்களுக்குக் கொடுக்கக் காசு தட்டுப்பட்ட வாரத்தில் ரீச்சர் எடுப்பார். ஒரு நாள் ரீச்சர் கேட்டார்: "தம்பி, கடை நல்லா ஓடுது எண்டு உன்ர மச்சான் சொல்லுறார். நீ என்னட்டக் காசு முட்டு எண்டு சொல்லுறாய். எது உண்மை?" இரண்டும் உண்மைதான். ஆனால் அதை விளங்கப்படுத்த என்னிடம் ஒரு தாள் கூட இருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மாதாந்த அப்டேட் டெக், அதாவது அந்த மாத நிலவரம் சொல்லும் ஸ்லைட் தொகுப்பு, செய்யத் தொடங்கினேன். முதல் ஐந்தாறு மாதம் தப்பும் தவறுமாகத்தான் போனது. இப்போது ஆறு ஸ்லைட், மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேர வேலை. உறவினரிடமோ நண்பரிடமோ பணம் வாங்கிச் சிறு தொழில் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையில் செய்து பாருங்கள். உதாரணத்துக்கு எங்கள் ஒரு நவம்பர் மாதக் கணக்கையே கடைசி வரை கொண்டு போகிறேன்.

1. மாதத்தின் கடைசி மாலை: தாள்களைச் சேருங்கள்

ஸ்லைட்டைத் திறக்கும் முன் இவை கையில் இருக்க வேண்டும்: வங்கிக் கூற்று (கணக்கு இரண்டு இருந்தால் இரண்டினதும்), காசுப் புத்தகம், அந்த மாதம் கொடுத்த விலைப்பட்டியல்கள், யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியல், சம்பளப் பட்டியல், கையிருப்பு எண்ணிக்கை.

இதில் எங்கள் மாதிரித் தொழிலுக்குக் கஷ்டமானது காசுப் புத்தகம். விடியற்காலையில் திருக்கடலூரிலோ குச்சவெளியிலோ படகு கரைக்கு வரும்போது மீனைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். பில் கிடைக்காது. நாங்கள் ஒரு வவுச்சர் புத்தகம் வைத்திருக்கிறோம். திகதி, மீன் வகை, கிலோ, விலை, விற்றவரின் கையெழுத்து, அவ்வளவுதான். இது இல்லாத முதல் மாதங்களில் மீன் செலவை நான் ஞாபகத்தில் இருந்துதான் எழுதினேன். மாத முடிவில் கையில் இருந்த காசும் எழுதியதும் பொருந்தவே இல்லை. அந்த எண்ணை வைத்துச் செய்த டெக் எல்லாமே பிழை.

கையிருப்பை மாதத்தின் கடைசி நாள் மாலையிலேயே நிறுத்து எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்து எண்ணினால் அது அடுத்த மாதக் கையிருப்பு. எங்களுக்கு இது ஒன்றரை மணி நேரம் எடுக்கும். தட்டில் பாதி காய்ந்து கிடப்பதைத் தனியாக எழுதுங்கள். அது இன்னும் விற்கக்கூடிய கருவாடு ஆகவில்லை.

சம்பளப் பட்டியலில் புதியவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பக்கம் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 சதவீதம். 40,000 ரூபாய் சம்பளம் என்றால் அதற்கு மேல் 6,000 ரூபாய் கம்பனியின் செலவு. கையில் கொடுத்த சம்பளத்தை மட்டும் எழுதினால் உங்கள் மாதச் செலவு உண்மையை விடக் குறைவாகத் தெரியும்.

2. முதலில் எண்களைப் பொருத்துங்கள்

விற்பனை, வந்த பணம், கையில் உள்ள காசு, இந்த மூன்றும் வேறு வேறு என்பதை டெக் படிப்பவர் ஒவ்வொரு மாதமும் காண வேண்டும். அதற்கு முன் நீங்களே அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் நவம்பர் இப்படி இருந்தது. கடைகளுக்குக் கொடுத்த சரக்கு 1,212,200 ரூபாய். இதில் 72,200 ரூபாய்ச் சரக்கு திரும்பி வந்தது. ஆகவே விற்பனை 1,140,000. ஆனால் அந்த மாதம் வாங்குநர்களிடம் இருந்து வந்த பணம் 870,000 மட்டுமே. ஒக்டோபர் முடிவில் எங்களுக்கு வர வேண்டி இருந்தது 1,040,000. அப்படியானால் நவம்பர் முடிவில் வர வேண்டியது எவ்வளவு? விரிதாளில் B2 பழைய நிலுவை, B3 இந்த மாத விற்பனை, B4 வந்த பணம் என்று வைத்துக்கொண்டால்:

```
=B2+B3-B4
```

விடை 1,310,000. இப்போது கடன் பட்டியலை எடுத்து ஒவ்வொரு கடையின் நிலுவையையும் தனியாகக் கூட்டுங்கள். அதுவும் 1,310,000 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: திரும்பி வந்த சரக்கை விற்பனையில் இருந்து கழிக்கவில்லை, அல்லது விற்பனை இல்லாத ஏதோ பணத்தை விற்பனை வரவாக எழுதிவிட்டீர்கள். மச்சான் அனுப்பிய முதலீட்டுத் தவணையை ஒரு முறை நான் அப்படி எழுதிவிட்டேன். அந்த மாதம் 'வந்த பணம்' பிரமாதமாகத் தெரிந்தது. அடுத்த மாதம் அது சரிந்தபோது மூவரும் பயந்துபோனார்கள்.

3. தலைப்பு எண்கள்: ஐந்து போதும், ஒவ்வொரு மாதமும் அதே ஐந்து

இரண்டாவது ஸ்லைட் ஒரு சின்ன அட்டவணை. முதலாவது ஸ்லைட்டைக் கடைசியில் எழுதுவோம். அட்டவணையில் நாங்கள் வைக்கும் ஐந்து: விற்பனை, மொத்த இலாப வீதம், கையில் உள்ள காசு, வர வேண்டிய பணம், அதில் 60 நாளைத் தாண்டியது.

ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இரண்டு ஒப்பீடு போடுங்கள்: போன மாதம், போன வருடம் இதே மாதம். எங்கள் கரையில் இந்த இரண்டாவது இல்லாமல் எதையும் படிக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடங்கிக் கடல் கொந்தளிக்கும். படகுகள் போவது குறையும், மீன் விலை ஏறும், வெயில் இல்லாமல் காய்வதும் தாமதமாகும். எங்கள் ஒக்டோபர் விற்பனை 1,620,000. நவம்பர் 1,140,000. போன மாதத்தை மட்டும் பார்த்தால் கடை சரிகிறது என்று தோன்றும். போன வருட நவம்பரில் விற்றது 980,000. அதோடு ஒப்பிட்டால் 16 சதவீதம் கூடியிருக்கிறது. அதே மாதிரி சித்திரை, வைகாசியில் விற்பனை ஏறும்போது அதை உங்கள் திறமை என்று காட்டாதீர்கள். அப்போதும் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள்.

மொத்த இலாப வீதத்தை எப்படிக் கணக்கிட்டேன் என்று ஒரு வரியில் கீழே எழுதுகிறேன்: 'விற்பனையில் இருந்து மீன், உப்பு, பொதி, லொறிக் கூலி கழித்தது'. நவம்பரில் இந்தச் செலவு 775,200. மிஞ்சியது 364,800. அது விற்பனையில் 32 சதவீதம். ஒக்டோபரில் 38 இருந்தது. இந்த விளக்க வரியை ஒரு முறை எழுதினால் பிறகு மாற்றக்கூடாது. நான் ஒரு மாதம் லொறிக் கூலியை வேறு இடத்துக்கு மாற்றி வீதத்தைக் கூட்டிக் காட்டினேன். ஏமாற்றும் நோக்கம் இல்லை, அதுதான் சரி என்று நினைத்தேன். ரீச்சர் பழைய டெக்கை எடுத்து வைத்துக் கேட்டபோது பதில் சொல்லச் சங்கடமாகிவிட்டது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய மாதங்களையும் புதிய முறையில் திருத்தி, மாற்றினோம் என்று அதே ஸ்லைட்டில் எழுதுங்கள்.

ஐந்துக்கு மேல் எண் சேர்க்க ஆசை வரும். முகநூல் பக்கத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை எல்லாம் நானும் போட்டிருக்கிறேன். யாரும் அதைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை.

4. காசு ஸ்லைட்: இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்

மூன்றாவது ஸ்லைட் காசுக்கு மட்டும். மாதத் தொடக்கத்தில் எவ்வளவு, உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, கடைசியில் எவ்வளவு. எங்களுக்கு: தொடக்கம் 1,950,000. வந்தது 870,000. மீன், உப்பு, பொதி, லொறிக்குப் போனது 790,000. சம்பளம், வாடகை, மின்சாரம் போன்ற நிலையான செலவு 480,000. முடிவு 1,550,000. கடைசி எண், வங்கிக் கூற்றில் உள்ள மீதியையும் பெட்டியில் உள்ள காசையும் கூட்டிய தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். காசோலை எழுதிக் கொடுத்து இன்னும் வங்கியில் கழியவில்லை என்றால் அதை நீங்களே கழித்துவிடுங்கள். அந்தக் காசு இனி உங்களுடையது இல்லை.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. நட்டம் எவ்வளவு? மொத்த இலாபம் 364,800, நிலையான செலவு 480,000. நட்டம் 115,200. ஆனால் காசு குறைந்தது 400,000. நடுவில் உள்ள 284,800 எங்கே போனது?

முதலாம் வருடம் ரீச்சர் கேட்ட கேள்வியின் பதில் இதில்தான் இருக்கிறது. விற்றது 1,140,000, வந்தது 870,000. அந்த 270,000 வாங்குநர்களிடம் தங்கிவிட்டது. மீதி 14,800 கையிருப்பில் இருக்கிறது, அதாவது வாங்கியதில் கொஞ்சம் இன்னும் விற்காமல் தட்டிலும் பெட்டியிலும் கிடக்கிறது. 270,000 உம் 14,800 உம் சேர்ந்தால் 284,800. ஒரு ரூபாய் கூடத் தொலையவில்லை. இந்த இரண்டு வரியையும் ஸ்லைட்டில் அப்படியே எழுதுங்கள். 'விற்பனை நல்லது, காசு முட்டு' என்ற இரண்டும் எப்படி ஒரே மாதத்தில் உண்மையாகும் என்று பணம் போட்டவருக்கு அப்போது விளங்கும். பிரச்சினை கடையில் இல்லை, பணம் வசூலிப்பதில் இருக்கிறது என்பதும் விளங்கும்.

அடுத்தது, இந்தக் காசு எத்தனை மாதம் தாங்கும் என்ற கணக்கு. வழக்கமாகச் சொல்லித்தரும் முறை, கடைசி மூன்று மாதத்தில் குறைந்த காசின் சராசரியை எடுத்து வகுப்பது. எங்களுக்குச் செப்டெம்பரில் 90,000, ஒக்டோபரில் 110,000, நவம்பரில் 400,000 குறைந்தது. சராசரி 200,000. 1,550,000ஐ அதால் வகுத்தால் ஏழே முக்கால் மாதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எங்கள் கரையில் இது பொய்யான ஆறுதல். மார்கழியும் தையும் செப்டெம்பரைப் போல இருக்கப் போவதில்லை, நவம்பரைப் போலத்தான் இருக்கும்.

அதனால் பருவத்துக்கு ஏற்ப ஓடும் தொழில் என்றால் சராசரியை விட்டுவிட்டு நாட்காட்டியில் மாதம் மாதமாக எழுதுங்கள். மழைக்காலம் முழுக்க நவம்பர் போலவே போனால் டிசம்பர் முடிவில் 1,150,000, ஜனவரி முடிவில் 750,000, பெப்ரவரி முடிவில் 350,000. ஒரு மாதத்து நிலையான செலவு 480,000. அதாவது மார்ச் சம்பளத்துக்குக் காசு காணாது. கடல் அடங்கி, வெயில் வந்து, சரக்கு காய்ந்து, விற்றுப் பணம் கைக்கு வர ஏப்ரலாகும். இந்த ஒரு வரியைக் கண்ட பிறகுதான் மூவரும் சும்மா இருக்க முடியாது என்று புரிந்துகொண்டார்கள். டிசம்பரில் சொன்னதால் மூன்று மாதம் கிடைத்தது. இதையே பெப்ரவரியில் சொல்லியிருந்தால் அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இருந்திருக்காது.

5. நன்றாக நடந்தவை

இந்த ஸ்லைட் சுருக்கமாக இருக்கட்டும், இரண்டு அல்லது மூன்று வரி. நான் வைத்திருக்கும் அளவுகோல்: வாங்குபவர் ஏதாவது செய்திருக்க வேண்டும். பேசினார், ஆர்வம் காட்டினார், விலை கேட்டார் என்பவற்றை இங்கே எழுத மாட்டேன். நவம்பரில் நான் எழுதியது: 'மட்டக்களப்பில் செப்டெம்பரில் முதல் முறை வாங்கிய நான்கு கடைகளில் மூன்று, இரண்டாம் முறையும் வாங்கின. மூன்றும் கையிலேயே காசு தந்தன.' நான்காவது கடை ஏன் வாங்கவில்லை என்பதையும் அதே இடத்தில் ஒரு வரி எழுதினேன். பொதி பெரிது, 100 கிராம் பொதி வேண்டும் என்றார்கள்.

6. தவறியவை: என்ன, ஏன், எவ்வளவு, இனி என்ன

உறவினர் பணம் போட்டிருக்கும்போது இந்த ஸ்லைட் எழுதுவது மனதுக்குப் பாரம்தான். கலியாண வீட்டில், கோயிலில் முகம் பார்க்க வேண்டியவர்கள். அதனால் 'சில சவால்கள் இருந்தன' என்று மழுப்பத் தோன்றும். நானும் அப்படி எழுதினேன். அதைப் படித்தவர்கள் உண்மையை விடப் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்று கற்பனை செய்துகொண்டார்கள். ஆகவே நான்கு விஷயங்களையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

எங்கள் நவம்பர்த் தவறு இது. 38 கிலோ நெத்தலிக் கருவாடு பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தது. கிலோ 1,900 ரூபாய்க்குக் கொடுத்தது, மொத்தம் 72,200. ஏன்? மழை விட்டு விட்டுப் பெய்த வாரத்தில் தட்டுகளை உள்ளே எடுப்பதும் வெளியே வைப்பதுமாக இருந்தோம். மேலே தொட்டால் காய்ந்தது போல இருந்தது. உள்ளே ஈரம் இருந்தது. ஓடர் அவசரத்தில் இரண்டாம் நாளே பொதியிட்டு ஒட்டிவிட்டோம். காற்றுப் புகாத பொதிக்குள் ஈரம் வெளியேற வழியில்லை.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, காரணத்தை 'மழை' என்று எழுதிவிட்டு நிறுத்துவது. மழை எல்லோருக்கும் பெய்கிறது. உங்கள் கையில் இருந்த காரணம் எது என்று எழுத வேண்டும். எங்கள் விஷயத்தில் அது சோதிக்காமல் பொதியிட்டது. அதனால் 'இனி என்ன' என்ற வரி இப்படி வந்தது: 'ஒவ்வொரு தட்டில் இருந்தும் ஒரு மாதிரியை நிறுத்து எழுதி, நான்கு மணி நேரம் வெயிலில் வைத்து மறுபடி நிறுப்போம். எடை இன்னும் குறைந்தால் பொதியிட மாட்டோம். டிசம்பர் 1 முதல். பொறுப்பு: பொதியிடும் பிரிவின் அக்கா.' திகதியும் பொறுப்பாளரும் இல்லாத திருத்தம் அடுத்த மாதம் காணாமல் போய்விடும்.

இரண்டாவது தவறு: கொழும்பில் உள்ள ஒரு பெரிய வாங்குநரிடம் 420,000 ரூபாய் 60 நாளைத் தாண்டி நிற்கிறது. நான்கு விலைப்பட்டியல். நான் வாரத்துக்கு இரண்டு முறை தொலைபேசி எடுத்தேன், 'கணக்குப் பிரிவில் இருக்கிறது' என்ற பதில்தான் வந்தது. அதை அப்படியே எழுதினேன்.

ஒரு எச்சரிக்கை. டெக்கில் வாங்குநரின் பெயரையோ மீனவரின் பெயரையோ போடாதீர்கள். 'வாங்குநர் அ' என்று எழுதுங்கள். ஒரு பீடிஎப் வட்ஸ்அப்பில் போய்விட்டால் அது எங்கெங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. உங்கள் முதலீட்டாளர் நல்ல எண்ணத்தோடுதான் தன் நண்பருக்கு அனுப்புவார். அந்த நண்பர் அந்த வாங்குநரின் உறவாக இருப்பார்.

7. கேட்பவை: ஒருவரிடம், ஒரு வேலை, ஒரு திகதி

'உங்கள் ஆதரவு தொடர்ந்து வேண்டும்', 'நல்ல தொடர்புகள் இருந்தால் சொல்லுங்கள்' என்று ஆறு மாதம் எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாததால் மூவரும் மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

கேட்பது மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் காசு ஸ்லைட்டில் இருந்தோ தவறியவை ஸ்லைட்டில் இருந்தோ பிறந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்கத் தேவையிருக்காது. நவம்பர் டெக்கில் நான் கேட்டவை இரண்டு.

முதலாவது, கொழும்பு நண்பனிடம்: 'டிசம்பர் 12க்குள் வாங்குநர் அ-வின் அலுவலகத்துக்கு நேரில் போய், இணைத்திருக்கும் நான்கு விலைப்பட்டியல் பிரதிகளையும் கணக்குப் பிரிவில் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பணம் வரும் திகதியைக் கேட்டு வர முடியுமா?' நான் இங்கிருந்து போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள், லொறிச் சரக்கும் அந்த வாரம் நின்றுவிடும். அவனுக்கு அது மதிய இடைவேளையில் முடிகிற வேலை.

இரண்டாவது, மூவரிடமும்: 'பொலித்தீன் கூரை போட்ட சூரிய உலர்த்தி ஒன்று 340,000 ரூபாய். இப்போது போட்டால் மழையில் வரும் சேதம் குறையும், ஆனால் ஜனவரி முடிவிலேயே காசு 410,000 ஆகிவிடும். என் கருத்து: 420,000 நிலுவை வந்தால் மட்டும் போடுவோம், இல்லையென்றால் ஏப்ரல் வரை பொறுப்போம். டிசம்பர் 15க்குள் சரி அல்லது வேண்டாம் என்று சொல்லுங்கள்.' ஒரு முடிவைக் கேட்கும்போது உங்கள் கருத்தைச் சேர்த்து எழுதுவது நல்லது. வெறும் கேள்வியாக விட்டால் 'உனக்குத் தெரியாததா, நீயே பார்' என்றுதான் பதில் வரும். கருத்து எழுதினால் அதை மறுக்கவாவது காரணம் சொல்வார்கள்.

கூடுதல் பணம் கேட்பதாக இருந்தால் டெக்கில் முதல் முறையாகக் கேட்காதீர்கள். முன்னதாக ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசிவிட்டு, பிறகு எழுத்தில் வையுங்கள்.

8. முதல் ஸ்லைட்டைக் கடைசியில் எழுதுங்கள்

மற்ற ஐந்தும் முடிந்த பிறகு முதல் ஸ்லைட்டில் நான்கு வாக்கியம். நவம்பரில் எழுதியது: 'விற்பனை போன வருட நவம்பரை விட 16 சதவீதம் கூட. காசு 400,000 குறைந்தது, பெரும் பகுதி வாங்குநர்களிடம் நிற்கிறது. இப்படியே போனால் மார்ச் சம்பளத்துக்குக் காசு காணாது. கடைசி ஸ்லைட்டில் இரண்டு உதவி கேட்டிருக்கிறேன்.' பஸ்ஸில் நின்றபடி இதை மட்டும் படிப்பவருக்கும் நிலைமை தெரிந்துவிட வேண்டும். கெட்ட செய்தி ஐந்தாம் ஸ்லைட் வரை ஒளிந்திருக்கக் கூடாது.

9. வடிவம், நாள், செலவு

கூகுள் ஸ்லைட்ஸ் இலவசம், அது போதும். போன மாதக் கோப்பைத் திறந்து `File > Make a copy > Entire presentation` கொடுத்துத் தொடங்குங்கள். வடிவம் மாறாமல் இருந்தால் படிப்பவர் இரண்டு மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரதி எடுப்பதில் உள்ள பொறி, பழைய எண் ஒன்று திருத்தாமல் தங்கிவிடுவது. அதனால் பிரதி எடுத்தவுடன் எல்லா எண்களையும் அழித்துவிட்டு வெற்றிடமாக விடுகிறேன்.

எழுத்துருவுக்கு `Noto Sans Tamil` மாதிரி யூனிகோட் எழுத்துரு எடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டினால் ரொறன்ரோவில் மச்சானின் தொலைபேசியில் அது குறியும் கோடுமாகத் தெரிகிறது. எழுத்து அளவு 20க்குக் குறைய வேண்டாம். முடிந்ததும் `File > Download > PDF Document (.pdf)`. அனுப்பும் முன் உங்கள் தொலைபேசியில் திறந்து, பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். ரீச்சர் கண்ணாடி போட்டும் அட்டவணையைப் படிக்க முடியாமல் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நேரம் இப்படிப் போகிறது. கடைசி நாள் மாலை கையிருப்பு. அடுத்த மாதம் 1 அல்லது 2ஆம் திகதி வங்கிக் கூற்று. போயாவும் வார இறுதியும் சேர்ந்து வந்தால் வங்கி மூன்று நாள் பூட்டியிருக்கும், அதனால் இணைய வங்கிச் சேவை இருந்தால் அதிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். 5ஆம் திகதிக்குள் எண்கள் பொருந்திவிட வேண்டும். 6, 7இல் ஸ்லைட். 8ஆம் திகதி இரவு எட்டு மணிக்கு அனுப்புகிறேன், அப்போது ரொறன்ரோவில் காலை. இந்தத் திகதியை மாற்ற மாட்டேன். கெட்ட மாதத்தில் இரண்டு நாள் பிந்தினால் கூட ஏதோ நடந்துவிட்டது என்று தொலைபேசி வரத் தொடங்கும். ஏதாவது ஒரு எண் இன்னும் கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் 'மதிப்பீடு' என்று போட்டு அனுப்புங்கள், அடுத்த மாதம் சரியான எண்ணைப் போட்டு வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால் வவுச்சர் புத்தகமும் பகுதிநேரக் கணக்காளரும்தான். கணக்காளர் மாதத்தில் ஒரு அரை நாள் வந்து பொருத்திப் பார்க்கிறார். முதல் மூன்று மாதமாவது ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், பொருத்தும் முறை கையில் பழகிய பிறகு நீங்களே செய்யலாம். டிசைனருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆறு ஸ்லைட்டில் ஓர் அட்டவணையும் எழுத்தும்தான் இருக்கின்றன.

மூவருக்கும் ஒரே கோப்பு, ஒரே நிமிடத்தில் போக வேண்டும். ஒருவருக்கு முன்னதாகவோ கூடுதல் விவரத்தோடோ அனுப்பினால் பழைய பிரச்சினை திரும்பி வரும். யாராவது தொலைபேசியில் ஒரு நல்ல கேள்வி கேட்டால், பதிலை மற்ற இருவருக்கும் எழுதி அனுப்புகிறேன்.

10. அடுத்த மாதம் எங்கிருந்து தொடங்குவது

அடுத்த டெக்கின் கடைசி ஸ்லைட்டில் புதிதாகக் கேட்கும் முன், போன மாதம் கேட்டதற்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். நண்பன் டிசம்பர் 10ஆம் திகதி நேரில் போனான். நான்கு விலைப்பட்டியலில் மூன்றில் எங்கள் பக்கத்தில் அவர்களுடைய ஓடர் இலக்கத்தை எழுதாமல் விட்டிருக்கிறோம். அதனால் அவை ஒரு பக்கமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தன. தொலைபேசியில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. அன்று பின்னேரமே இலக்கத்தோடு திருத்திய பிரதிகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். அந்த மூன்றுக்குமான 310,000 டிசம்பர் 30ஆம் திகதி வங்கிக்கு வந்தது. நான்காவதுக்கு, 110,000க்கு, ஜனவரி 20 என்று திகதி தந்தார்கள். முழு நிலுவையும் வராததால் உலர்த்தியை ஏப்ரல் வரை தள்ளிவைத்தோம். ரீச்சரும் மச்சானும் அதற்குச் சரி என்று எழுதினார்கள். நண்பன் மட்டும் இப்போதே போட வேண்டும் என்றான், அவன் சொன்ன காரணத்தையும் ஸ்லைட்டில் சேர்த்தேன்.

ஜனவரி 8ஆம் திகதி போன டெக்கின் தவறியவை ஸ்லைட்டில் முதல் வரி: 'விலைப்பட்டியலில் ஓடர் இலக்கம் விடுபட்டது எங்கள் பிழை. புதிய விலைப்பட்டியல் புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டம் அச்சிட்டிருக்கிறோம்.'